உலகத்தின் கடைசி மூலையில் வியாழக்கிழமை

ஜன்னத்துல் ஃபிர்தௌஸின் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கும். ஒன்று அருப்புக்கோட்டைக்கு, மற்றொன்று துபாய்க்கு. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். புதிதாக வருகிறவர்கள், "இது மெதுவா ஓடுதே, பேட்டரி மாத்தலையா?" என்று கேட்பார்கள். அவளுடைய மாமியார் சைதுன் பீவிக்கு உடனே கோபம் வந்துவிடும். "அது எம் மகன் நேரம். அது சரியாத்தான் ஓடுது" என்பார்.

மகன் ரஷீத் துபாயில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. அதில் அவன் வீட்டில் இருந்த மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருடம் தேறினால் அதிகம். மற்ற நாளெல்லாம் ஃபிர்தௌஸ் அந்தப் பிந்திய கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடும்பம் நடத்தினாள். இப்போது அவர் சாப்பிட்டிருப்பார், இப்போது கடை திறந்திருப்பார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்னொருவர் நேரத்தை மதிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு எப்படி அவள் கையாலேயே அப்படி ஒரு காரியம் நடந்தது என்பதுதான் கதை.

அவள் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். திருச்சுழியில் மானாவாரி விவசாயிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. மாடியில் ஒரு அறை, மூன்று மேசை, வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும் ஒரு மின்விசிறி. அங்கே அவள் மொழிபெயர்ப்பாளர். காலையில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி வருவாள். உரப்பை வாசகம், இன்சூரன்ஸ் விதிமுறை, வங்கிக் கடிதம் என்று எதையாவது தமிழாக்கிக்கொண்டிருப்பாள். சங்கத்தின் செயலாளர் பூமிநாதன் நல்ல மனிதர். விவசாயிகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அவர்களுக்கு எது நல்லது என்று அவர்களைவிடத் தனக்கே அதிகம் தெரியும் என்றொரு நம்பிக்கை அவருக்கு உண்டு. நல்ல மனிதர்களிடம் இது ஒரு வியாதி.

அந்த ஜூலையில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. வறண்ட நில வேளாண்மை பற்றிய சர்வதேச ஆய்வு மாநாட்டுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். வழக்கமாக அந்த மாதிரி அறிவிப்புகள் பேராசிரியர்களுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். இந்த முறை ஒரு புதுமை. விவசாயிகள் தங்கள் வயலில் செய்து பார்த்த சோதனைகளைத் தங்கள் மொழியிலேயே இரண்டு பக்கக் கட்டுரையாக அனுப்பலாம். மதிப்பிடுகிறவர்களுக்கு மாநாட்டுக்காரர்களே மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். அறிவிப்பை உள்ளூர் மொழியில் ஆக்கிக்கொள்ளும் பொறுப்பு அந்தந்த ஊர்ச் சங்கத்துடையது.

பூமிநாதன் அந்தக் காகிதங்களைக் கும்பிட்டு வாங்குவதுபோல வாங்கி ஃபிர்தௌஸ் மேசையில் வைத்தார். "நம்ம ஆளுக பேரு வெளிநாட்டுல வரணும்மா. சுத்தமாத் தமிழ்ப்படுத்திருங்க" என்றார்.

வார்த்தைக்கு வார்த்தை தமிழ் போட்டால் காரியம் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தேதிகள் எல்லாம் மாதத்தை முன்னால் வைத்து எழுதப்பட்டிருந்தன. 09/10 என்றால் நம் ஆட்கள் அக்டோபர் ஒன்பது என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அதனால் மாதத்தை எண்ணில் எழுதவே கூடாது என்று முடிவு செய்து "செப்டம்பர் 10, வியாழன்" என்று எழுத்திலும் கிழமையிலும் போட்டாள்.

அடுத்தது பெயர் விவகாரம். கட்டுரையில் எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது, மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே வரி. அவள் தமிழில் விரித்து எழுதினாள்: "கட்டுரைக்குள் உங்கள் பெயர், ஊர்ப் பெயர், குடும்பத்தார் பெயர், கிணறு அல்லது கோயிலின் பெயர் எதுவும் வரக்கூடாது. புகைப்படத்தில் ஊர்ப் பலகை தெரியக்கூடாது. ஃபைலுக்கும் உங்கள் பெயரை வைக்காதீர்கள். இணையதளத்தில் பதியும் இடத்தில் மட்டும் பெயரை எழுதுங்கள்." கிணற்றுக்கும் பெயர் இருக்கும் என்பது அந்த ஆங்கிலம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பக்க அளவு ஏ4, இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள், பி.டி.எஃப். ஆகத்தான் ஏற்ற வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதி முடித்துக் கடைசியில் கெடுவுக்கு வந்தாள். கெடு மூன்று கட்டம். ஆகஸ்டு இறுதிக்குள் தலைப்பையும் ஐந்து வரிச் சுருக்கத்தையும் பதிய வேண்டும். பதிந்தவர்கள் மட்டும் செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் முழுக் கட்டுரையை ஏற்ற வேண்டும். தேர்வானவர்கள் திருத்தி அனுப்புவதற்குப் பிறகு ஒரு கெடு. நேரம் 23:59, பக்கத்தில் ஏஓஇ என்று மூன்று எழுத்து.

அது என்னவென்று தேடிப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூமியில் எங்காவது ஓர் இடத்தில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை கெடு முடியாது என்று அர்த்தமாம். பசிபிக் கடலில் ஆளே குடியில்லாத இரண்டு குட்டித் தீவுகள் இருக்கின்றன. உலகத்திலேயே நாள் கடைசியாக முடிகிற இடம் அதுதான். நமக்கும் அதற்கும் பதினேழரை மணி நேர வித்தியாசம். அங்கே வியாழன் நள்ளிரவு ஆகும்போது இங்கே வெள்ளி மாலை ஐந்தரை. துபாய்க் கடிகாரத்தோடு பதினான்கு வருடம் வாழ்ந்தவளுக்கு இந்தக் கழித்தல் ஒரு பொருட்டே இல்லை. "முழுக் கட்டுரைக்குக் கடைசி நேரம்: செப்டம்பர் 11, வெள்ளி, இந்திய நேரப்படி மாலை 5.29" என்று எழுதினாள்.

இரவு பன்னிரண்டு என்ற பேச்சே அறிவிப்பில் வராமல் பார்த்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அவள் வீட்டில் வியாழன் அந்தியில் மக்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டால் அது வெள்ளி இரவு. மாமியார் சாம்பிராணி போட்டு யாசீன் ஓத உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டுக்காரர்களுக்கோ மறுநாள் விடிந்தால்தான் வெள்ளி. மாலை 5.29 என்றால் இரண்டு வீட்டிலும் ஒரே வெளிச்சம்.

பூமிநாதன் எல்லாவற்றையும் படித்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கெடுவில் வந்து நின்றார்.

"அஞ்சு இருபத்தொம்போதா? என்னம்மா இது ரயில் டைம் மாதிரி!"

"அதான் சார் சரியான நேரம்."

"சரியாத்தான் இருக்கும். நம்ம ஆளுகளப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? அஞ்சு இருபத்தஞ்சுக்குத்தான் பைய எடுத்துக்கிட்டுப் பஸ்ஸு ஏறுவாக. அந்நேரம் பாத்து நெட்டு தொங்கும். வியாழக்கிழம சாயங்காலம் அஞ்சு மணின்னு போடுங்க. அதுக்கு மேல ஏத்துக்கிற மாட்டோம்னு ஒரு வரி சேருங்க. ஒரு நாளு கையில இருக்கட்டும்."

"நிஜக் கெடுவையும் போட்டு, முந்தின நாளே அனுப்புங்கன்னு சொல்லலாமே சார்."

"ரெண்டு நேரம் போட்டா எதப் புடிச்சுக்கிருவாக? பிந்துனதத்தான்."

அவளால் அழுத்திப் பேச முடியவில்லை. காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. ரஷீத் லீவில் வரும்போதெல்லாம் மதுரை விமான நிலையத்துக்குக் கார் எடுப்பவர் நல்லகண்ணு. விமானம் இறங்கும் நேரத்தை அவரிடம் சைதுன் பீவி எப்போதும் இரண்டு மணி நேரம் குறைத்தே சொல்வார். பாவம் நல்லகண்ணு, ஒவ்வொரு முறையும் கார் நிறுத்துமிடத்தில் கொசுவோடு கிடந்து எழுந்து வருவார். வீட்டில் பார்த்துச் சிரித்த வழக்கத்தை அலுவலகத்தில் எப்படி எதிர்ப்பது? திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்டுக் கெடுவையும், திருத்தி அனுப்பும் கெடுவையும் அப்படியே ஒரு நாள் முன்னால் தள்ளினார்கள். ஆகஸ்டில் ஆறு பேர் நேரத்தில் பதிந்துவிட்டார்கள். "பாத்தீகளா?" என்றார் பூமிநாதன். பார்த்தாள்தான். பார்த்ததும் அவளுக்கே அது நல்ல யோசனைபோலத் தோன்றத் தொடங்கியது. மனசு இவ்வளவு சுலபமாக ஆறிவிடும்.

செப்டம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை மதியம். லுஹர் தொழுதுவிட்டு வந்து ஃபிர்தௌஸ் மாநாட்டு இணையதளத்தைத் திறந்தாள். சங்கத்தின் வழியாகப் பதிந்தவர்களின் நிலவரத்தை அவளால் பார்க்க முடியும். நான்கு பேர் கட்டுரை ஏற்றியிருந்தார்கள். இரண்டு பேருடைய இடம் காலியாக இருந்தது. ஒருவர் குமாரலிங்கபுரம் மாரிச்சாமி. மற்றவள் எம்.ரெட்டியபட்டி ஈஸ்வரி.

ஈஸ்வரியின் இடம் காலியாக இருந்தது அவளுக்கு நம்ப முடியவில்லை. ஐந்து வருடமாக அந்தப் பெண் தன் கரிசல் காட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் குதிரைவாலி போடுகிறாள். ஒரு பாதியில் மழைக்கு முன்னால் புழுதி விதைப்பு, மறுபாதியில் மழை பெய்து ஈரம் கண்ட பிறகு விதைப்பு. எந்த வருடம் எது முந்தியது, எவ்வளவு மழையில் எது கெட்டது என்று எல்லாம் வைத்திருக்கிறாள். மழைமானி வாங்கிக் காட்டில் நட்டபோது ஊரே கேலி பேசியது. சொந்த வீட்டிலேயே, "மருமக மழைய அளந்து மூட்டையில கட்டப்போறா" என்று மாமனார் கருத்தப்பாண்டி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கெல்லாம் ஒரே பதிலாக ஈஸ்வரி இந்தக் கட்டுரையைத்தான் நினைத்திருந்தாள்.

ஃபிர்தௌஸ் போன் போட்டாள்.

"என்னம்மா ஈஸ்வரி, கட்டுர ஏத்தலையா?"

"அதான் நேத்தே முடிஞ்சிருச்சேக்கா." குரல் கரகரத்தது. "நேத்துன்னு பாத்துத்தான் டிராக்டர் வந்துச்சு. வெதப்ப விட முடியுமா? காட்டுலருந்து வீடு வந்து சேர ஆறு மணி. அஞ்சுக்கு மேல எடுக்க மாட்டோம்னு நீங்கதான எழுதியிருந்தீக. ராத்திரி பூரா அழுதேன். விடுங்கக்கா, குடுத்து வைக்கல."

"ஈஸ்வரி, நேரம் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இருக்கு. கட்டுர முடிச்சுட்டயா?"

"முடிச்சு போன்லதான் வச்சிருக்கேன். ஆனா பேரெல்லாம் எடுக்கல. பி.டி.எஃப்.பும் ஆக்கல."

"நான் வாரேன். லேப்டாப்போட வாரேன்."

பூமிநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்" என்றார் மெதுவாக. அவர் மேல் கோபப்படுவதற்கு அவளுக்கு முகமில்லை, திருத்தி எழுதியது அவள் கைதான். "நீங்க மாரிச்சாமியப் புடிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஷேர் ஆட்டோ அன்று ஆள் நிறையும்வரை நகரவில்லை. வழியெங்கும் உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. எங்கோ உலகத்தின் கோடியில் ஆளில்லாத தீவில் வியாழக்கிழமை இன்னும் இருட்டிக்கிடக்கிறது என்று நினைத்தாள். அது மெதுவாகப் போகட்டும் என்று துஆ கேட்டாள்.

ஈஸ்வரி வாசலிலேயே நின்றாள். முகம் வீங்கியிருந்தது. வாங்கக்கா என்று சொல்லவில்லை.

"நேரம் இருந்துச்சுல்ல? அப்புறம் ஏன்க்கா இல்லைன்னு எழுதுனீக?"

நெட்டு தொங்கும், கடைசி நேரத்தில் அவதிப்படக்கூடாது என்றெல்லாம் சொல்ல ஃபிர்தௌஸிடம் காரணங்கள் இருந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "தப்புத்தான்மா. எழுதியிருக்கக் கூடாது" என்றாள்.

ஈஸ்வரி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தார்கள். கட்டுரை அருமையாக இருந்தது, ஆனால் அதில் ஒரு ஊரே குடியிருந்தது. கருத்தப்பாண்டி கிணற்றுக்கு மேற்கே உள்ள காடு, அய்யனார் கோயில் ஓடை, எங்க மாமா சொன்னபடி ஆழ உழுதது. ஃபிர்தௌஸ் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு "திறந்தவெளிக் கிணறு ஒன்று", "பருவகால ஓடை", "குடும்பத்து மூத்த விவசாயி" என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

காபித்தண்ணி கொண்டுவந்த ஈஸ்வரியின் மாமியார் பெத்தம்மாள் பின்னால் நின்று கவனித்தார். மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் மாறியது. "ஏந்தாயி, எங்க வீட்டு மனுசன் பேர எதுக்கு அழிக்கிறீக? வேற எவனாச்சும் இது எங்கதுன்னு சொல்லிருவான்ல?"

"அழிக்கலம்மா, மூடி வைக்கிறோம். பெரிய பரிச்சையில பேப்பர் திருத்துறவுகளுக்குப் பிள்ள பேரு தெரியாதுல்ல, நம்பர்தான இருக்கும்? அந்த மாதிரி. உங்க மருமக பேரு வேற எடத்துல பத்திரமாப் பதிஞ்சிருக்கு. பாஸாயிட்டா அய்யா பேரு, கெணத்துப் பேரு எல்லாம் திரும்ப வரும்."

பெத்தம்மாளுக்குப் பாதி நம்பிக்கைதான். "வரணும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டரைப் பக்கம் இருந்தது. அரைப் பக்கத்தைக் குறைக்க ஈஸ்வரி தன் மூன்றாம் வருடத்து விதைப்பையே தூக்கப் பார்த்தாள். அந்த வருடம் புழுதி விதைப்பு அப்படியே முளைக்காமல் போனது, எழுத வெட்கமாக இருந்ததாம். "அது இருக்கட்டும்மா, கெட்டதையும் சொன்னாத்தான் நல்லத நம்புவாக" என்று ஃபிர்தௌஸ் தடுத்தாள். முன்னுரையில் மழையைப் பற்றி எழுதியிருந்த அழகான பத்தி போனது. ஈஸ்வரிக்கு அதில் வருத்தம்தான். படங்களைச் சுருக்கினார்கள். ஃபைலுக்கு 'ஈஸ்வரி கட்டுரை' என்று இருந்த பெயரை மாற்றி, ஃபைலின் விவரத்துக்குள் ஒளிந்திருந்த பெயரையும் எடுத்தார்கள். நெட்டு வீட்டுக்குள் எடுக்காமல் வேப்பமரத்தடிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு கோடு, இரண்டு கோடு என்று வந்தது. ஈஸ்வரி பொத்தானை அழுத்தினாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

வந்து சேர்ந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. அப்போது கடிகாரத்தில் மணி நான்கு நாற்பது.

உடனே ரசீதும் வந்தது. ஈஸ்வரி அதை எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தவள் திடுக்கிட்டாள். "அக்கா, தேதி தப்பாப் போட்டுருக்கே. வியாழக்கிழம, ராத்திரி பதினொன்னு பத்துன்னு இருக்கு. இன்னைக்கு வெள்ளியில்ல?"

ஃபிர்தௌஸ் எட்டிப் பார்த்தாள். இணையதளம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைசித் தீவின் நேரத்தைத்தான் போடும். "தப்பில்லம்மா. அவுக கணக்குல இன்னும் வியாழக்கிழமதான். நீ நேத்தே அனுப்பிட்ட."

ஈஸ்வரி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் அழுத ராத்திரி அங்க இன்னும் முடியவே இல்லையாக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஃபிர்தௌஸுக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பூமிநாதனிடமிருந்து போன் வந்தது. ஈஸ்வரியுடையது போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்டு நீளமாக மூச்சுவிட்டார். பிறகு, "மாரிச்சாமி இப்பத்தாம்மா கெடச்சாரு" என்றார். "நேத்தே முடிஞ்சிருச்சுன்னு மக வீட்டுக்கு ரயிலேறிட்டாராம். கட்டுர வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு. வீட்டுல திறந்து பாக்க ஆளில்ல."

"என்ன சொன்னாரு சார்?"

"அப்படியா சார், பரவாயில்ல, அடுத்த தடவ பாத்துக்கிருவோம்னாரு. ஒரு வார்த்த வையல. வஞ்சிருந்தாத் தேவலாம்மா."

மாரிச்சாமி என்ன எழுதியிருந்தார் என்று அவளுக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவர் கையில் ஒரு முழு நாள் இருந்தது. அதை அவரிடமிருந்து எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

"சார், தேர்வானா திருத்தி அனுப்புறதுக்கு ஒரு கெடு இருக்குல்ல, அதையும் ஒரு நாள் முன்னாடி போட்டுருக்கோம். இப்பவே மாத்திப் போடுறேன். நிஜ நேரம். கீழ, முந்தின நாளே அனுப்புறது நல்லதுன்னு ஒரு வரி."

"பிந்துனதப் புடிச்சுக்கிட்டா?"

"புடிச்சுக்கிறட்டும் சார். அது அவுக நேரம். நம்ம நேரம் இல்ல."

"போடுங்கம்மா" என்றார் பூமிநாதன்.

பஸ்ஸில் வரும்போதே போனில் திருத்தி சங்கத்துக் குழுவில் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மக்ரிப் தொழுகை முடிந்திருந்தது. சைதுன் பீவி போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தார். ரஷீத் அடுத்த மாதம் லீவில் வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று.

"வந்துட்டயாம்மா. நல்லகண்ணுட்டச் சொல்லிரணும். ஃப்ளைட்டு பத்தே காலுக்கு எறங்குதாம். எட்டுன்னு சொல்லிரவா?"

ஃபிர்தௌஸ் பையை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கடிகாரங்களையும் ஒரு தடவை பார்த்தாள்.

"பத்தே கால்னே சொல்லுங்க மாமி. முன்னாடி வாரதும் வராததும் அவரு பாடு" என்றாள்.